பயிற்சி வர்த்தகத்தின் லாபத்தில் மறைந்திருக்கும் விலை இடைவெளி

ஆப்ஷன் வர்த்தகத்தை, உண்மைப் பணம் போடாமல் கணக்கு எழுதிப் பார்க்கும் பேப்பர் டிரேடிங்கில் பழகுவோரில் பலர், திரையில் தெரியும் கடைசி விலையிலேயே வாங்கியதாகவும் விற்றதாகவும் கணக்கு எழுதுகிறார்கள். உண்மைப் பணத்தில் அந்த விலை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஒரு பங்கின் கால் ஆப்ஷனில் கடைசி விலை 19 ரூபாய், வாங்குவோர் கேட்கும் விலை 18, விற்போர் சொல்லும் விலை 20, ஒரு லாட் 500 பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரத்தில் மூன்றும் 3 ரூபாய் உயர்ந்தால், பயிற்சிக் கணக்கில் 19-க்கு வாங்கி 22-க்கு விற்று 1,500 ரூபாய் லாபம் வந்திருக்கும். கிடைக்கும் விலையில் உடனே நிறைவேறும் மார்க்கெட் ஆர்டர் போட்டவரோ 20-க்கு வாங்கி 21-க்கு விற்பதால் அவருக்குக் கிடைப்பது 500 ரூபாய்தான். தரகுக் கட்டணமும் பங்குப் பரிவர்த்தனை வரியும் ஜிஎஸ்டியும் அதிலிருந்தே கழியும். நடப்பு விலையிலிருந்து தள்ளியிருக்கும் ஸ்டிரைக்குகளிலும், சந்தை வேகமாக விழும் நிமிடங்களிலும் இந்த இடைவெளி இன்னும் விரிவதால், நஷ்டத்தைக் கட்டுப்படுத்தப் போடும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் நினைத்த விலைக்குக் கீழேயே நிறைவேறக்கூடும்.

நாம் குறிப்பிட்ட விலையிலோ அதைவிடச் சாதகமான விலையிலோ மட்டுமே நிறைவேறும் லிமிட் ஆர்டர் விலையைக் காக்கும். ஆனால் விலை அதைத் தொட்டாலும், வரிசையில் முன்னால் இருப்பவர்களின் ஆர்டர்கள் மட்டும் நிறைவேறி நம் ஆர்டர் நிறைவேறாமல் போகலாம் என்பதைப் பல பயிற்சிச் செயலிகள் கணக்கில் கொள்வதில்லை.

ஆகவே பயிற்சியின்போதே வாங்குவோர், விற்போர் விலைகளைப் பட்டியலிடும் மார்க்கெட் டெப்த்தைத் திறந்து, வாங்கும்போது விற்போர் விலையையும், விற்கும்போது வாங்குவோர் விலையையும் குறித்து, கட்டணங்களையும் கழித்து எழுதுங்கள்.