எல்மார் லென்ஸ் அசலா, போலியா? படத்தை வைத்தே கண்டுபிடிக்கும் முறை

பழைய லைக்கா லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது 5 செ.மீ. எல்மார் 3.5. அதிகமாகப் போலி செய்யப்பட்டதும் அதுதான். சோவியத் இண்டஸ்டார்-22 வெளித்தோற்றத்தில் எல்மாரைப் போலவே இருக்கும். அதே மாதிரி உள்ளே மடங்கும் குழாய், முகப்பில் அதே சின்ன அப்பர்ச்சர் நெம்பு. முன்வளையத்தில் இருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு, லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனத்தின் பெயரோடு 'லைட்ஸ் எல்மார்' என்று பொறித்தால் வேலை முடிந்தது.

அண்மையில் நண்பர் ஒருவர் வாங்கும் முன் விளம்பரப் படங்களை எனக்கு அனுப்பிக் கேட்டார். அந்த லென்ஸையே எடுத்துக்காட்டாக வைத்து, நான் பார்க்கும் வரிசையில் சொல்கிறேன்.

1. சீரியல் எண்ணையும் அப்பர்ச்சர் அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள்

எண் மட்டும் எதையும் நிரூபிக்காது. போலி செய்பவரும் லைட்ஸ் எண் பட்டியலைப் பார்த்துத்தான் பொறிக்கிறார். அதனால் எண் சொல்லும் வருடத்தோடு மற்றதெல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

நண்பர் அனுப்பிய லென்ஸின் எண் 38 என்று தொடங்கும் ஆறு இலக்கம். பட்டியல்படி அது 1937. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய எல்மாரில் வழக்கமாக 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்ற பழைய வரிசைதான் இருக்கும். இந்த லென்ஸிலோ 3.5, 4, 5.6, 8, 11, 16 என்று இருந்தது. அது இண்டஸ்டார்-22இன் வரிசை. முதல் சந்தேகம் இங்கேயே வந்துவிட்டது.

2. பொறிப்பு

இதற்கு நேரெதிரே எடுத்த, எழுத்துகள் கூர்மையாகத் தெரியும் படம் வேண்டும். தொழிற்சாலையில் வெட்டிய எழுத்து எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்கும், வண்ணம் பள்ளத்துக்குள்ளேயே நிற்கும். நண்பரின் படத்தைப் பெரிதாக்கியபோது இலக்கங்களுக்கு இடையிலான இடைவெளி கூடியும் குறைந்தும் இருந்தது. இரண்டு எட்டுகளின் உருவமும் வேறுவேறு. வெள்ளை வண்ணம் பள்ளத்துக்கு வெளியே கசிந்திருந்தது. வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் கறுப்பு புதிதாக மினுங்கியது. பழைய எழுத்தைச் சுரண்டிய இடம் அதுவாக இருக்கலாம்.

3. மவுண்ட்

பலரும் பின்பக்கப் படத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதில் கிடைப்பது குறைவு என்பது என் கருத்து. லைக்கா மரை 39 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 26 சுற்று. சோவியத் மரை அதே விட்டம், சுற்றுக்கு 1 மி.மீ. இரண்டு சுற்றுகளுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 0.02 மி.மீ.தான். எந்தப் படத்திலும் அது கண்ணுக்குத் தெரியாது.

உலோகம் தேய்ந்த இடத்தை மட்டும் பாருங்கள். எல்மாரின் உடல் பித்தளை, மேலே நிக்கல் அல்லது க்ரோம் முலாம். தேய்ந்த விளிம்பில் மஞ்சள் எட்டிப்பார்க்கும். அங்கே மங்கிய சாம்பல் தெரிந்தால் அலுமினியம் என்று எச்சரிக்கையாகுங்கள். ஆனால் மஞ்சள் தெரிந்ததாலேயே அசல் என்று முடிவு கட்டாதீர்கள், பழைய சோவியத் லென்ஸ்களிலும் பித்தளை உண்டு.

4. கண்ணாடிப் பூச்சின் நிறம்: இங்கேதான் குழப்பம்

போருக்கு முந்தைய எல்மாரின் கண்ணாடியில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு கிடையாது. இண்டஸ்டார்-22இல் நீலமும் ஊதாவும் கலந்த பூச்சு உண்டு. அதன் அசல் வளையத்தில் 'பூச்சு உள்ளது' என்பதற்கு அடையாளமாகப் பந்தல் கால் போன்ற சிவப்பு ரஷ்ய எழுத்தும் இருக்கும். போலி செய்பவர் அந்த எழுத்தை அழித்துவிடுவார், கண்ணாடியின் நிறத்தை அழிக்க முடியாது.

ஆனால் படத்தில் நீலம் தெரிந்தாலே பூச்சு என்று சொல்லிவிட முடியாது. சன்னலோரம் வைத்து எடுத்தால் வானம்தான் கண்ணாடியில் தெரியும், பூச்சே இல்லாத லென்ஸும் நீலமாகத் தோன்றும். போதாததற்குப் போன் கேமரா தன் பங்குக்கு நிறத்தை மாற்றிவிடும். இந்த இடத்தில்தான் நான் வெகுநேரம் தடுமாறினேன்.

தீர்வு அதே படத்திலேயே இருக்கிறது. லென்ஸின் க்ரோம் விளிம்பில் அதே விளக்கு பளிச்சிடும் புள்ளியைத் தேடுங்கள். க்ரோம் நிறத்தைப் பெரிதாக மாற்றாமல் விளக்கின் நிறத்தையே காட்டும். பூச்சில்லாத கண்ணாடியும் அப்படித்தான். இரண்டு புள்ளிகளும் ஒரே நிறமென்றால் பூச்சு இல்லை. க்ரோமில் வெள்ளையாகவும் கண்ணாடியில் ஊதாவாகவும் இருந்தால் பூச்சு இருக்கிறது. நண்பரின் படத்தில் க்ரோம் புள்ளி வெள்ளை, கண்ணாடிப் புள்ளி தெளிவான ஊதா.

விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: இருட்டான அறை, கீழே கறுப்புத் துணி, பக்கத்தில் ஒரே ஒரு சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்ப், போனின் ஃப்ளாஷ் அணைந்திருக்க வேண்டும். ரிங் லைட் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் வளையம் வளையமாக விழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

5. அப்பர்ச்சர் இதழ்கள் எங்கே இருக்கின்றன?

ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மாக்ஸ் பெரெக் வடிவமைத்த எல்மாரில் இதழ்கள் முதல் கண்ணாடிக்கு அடுத்தே இருக்கும். இண்டஸ்டார் ஸைஸின் டெஸ்ஸார் வடிவத்தைப் பின்பற்றியது. அதில் இதழ்கள் இரண்டாவது கண்ணாடிக்கும் பின்னால். உள்ளே கண்ணாடிகளின் இடத்தை மாற்றியமைக்காமல் இதை ஏமாற்ற முடியாது.

அப்பர்ச்சரை 9 அல்லது 11 வரை மூடச் சொல்லி, சற்றுச் சாய்வாக ஒரு படம் கேளுங்கள். மூடிய இதழ்கள் கறுப்புத் திரையாக நிற்கும். அதற்கு முன்னால் விளக்கின் எத்தனை பிம்பங்கள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். எல்மாரில் முன்னால் ஒரே கண்ணாடி, இரண்டு பரப்பு, ஆகவே இரண்டு பிம்பம். இண்டஸ்டாரில் இரண்டு கண்ணாடி, நான்கு பிம்பம். எல்லாம் ஒரே அளவில் இருக்காது, ஒன்று பெரிதாகப் பரவியும் மற்றொன்று பொட்டாகவும் தெரியலாம். பல்பைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் வாங்கினால் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தவை பிரிந்துவிடும். நடுத்துளை வழியாகப் பின்னால் தெரிவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நண்பருக்கு வந்த படத்தில் நான்கு இருந்தன. அவர் வாங்கவில்லை.

இந்தச் சோதனை 5 செ.மீ. எல்மார் 3.5க்கு மட்டும்தான். மற்ற எல்மார்களுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

பின்சேர்க்கை 1: "என் 1938 எல்மாரில் நீலப் பூச்சு இருக்கிறதே, போலியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவசரப்பட வேண்டாம். போருக்குப் பிறகு பலர் பழைய லென்ஸ்களைக் கொடுத்துப் பூச்சு போட்டு வாங்கியிருக்கிறார்கள். அப்பர்ச்சர் அளவுகள் பழைய வரிசையா என்று பாருங்கள், ஐந்தாவது படியையும் செய்யுங்கள். அவர் எண்ணிப் பார்த்ததில் இரண்டே பிம்பம். அசல்தான்.

பின்சேர்க்கை 2: இன்னொருவரிடம் இருந்தது இதற்கு நேர்மாறு. பழைய அளவு வரிசை, பூச்சும் இல்லை, ஆனாலும் பொறிப்பு சரியாகப் படவில்லை என்றார். போருக்கு முந்தைய சோவியத் ஃபெட் லென்ஸில் செய்த போலி இப்படித்தான் இருக்கும். கார்கிவில் தயாரான ஃபெட் லென்ஸுக்கும் பூச்சு கிடையாது, அளவுகளும் 3.5, 4.5, 6.3 என்றே போகும். முதல் படியிலும் நான்காவது படியிலும் அது தேறிவிடும். ஆனால் அதுவும் டெஸ்ஸார் வகை, இதழ்கள் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால்தான். எனவே விற்பவர் மற்ற எல்லாப் படங்களையும் அனுப்பி, அப்பர்ச்சர் மூடிய படத்தை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால், அது வரும்வரை பணம் அனுப்பாதீர்கள்.