சுற்றுலா அனுமதி மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது எப்படி: கட்டணமும் கண்காணிப்பும்

கோபிசெட்டிபாளையத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் பள்ளியிலிருந்து, ஊட்டிக்கு ஒரு நாள் சுற்றுலா அழைத்துச் செல்ல அனுமதி கேட்டுச் சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. கட்டணம் 1,400 ரூபாய்; விடியற்காலை 4 மணிக்குப் புறப்பாடு, இரவு 10 மணிக்குத் திரும்புதல்; 84 மாணவர்கள், இரண்டு பேருந்துகள்; 'போதிய ஆசிரியர்கள் உடன் வருவார்கள்' என்று ஒரு வரி. கீழே ஒரு கூகுள் படிவத்தின் இணைப்பு இருந்தது. அதில் 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்று இரண்டே தெரிவுகள். கேள்வி கேட்க இடமில்லை.

படி 1: படிவத்தை அப்படியே விடுங்கள்

பதில் வரும்வரை படிவத்தில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். 'சம்மதம்' என்று குறித்துவிட்டுத் தனியே கேள்வி கேட்டால், அலுவலகத்தைப் பொறுத்தவரை உங்கள் பிள்ளையின் கணக்கு முடிந்துவிட்டது. 'சம்மதமில்லை' என்று குறித்தால் பேருந்தில் இருக்கை எண்ணும்போதே பெயர் விடுபட்டுவிடும்.

படி 2: முதல் வரி

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு கடிதத்திற்கு, 'மகளை அனுப்ப மகிழ்ச்சியுடன் சம்மதிக்கிறோம்' என்று மரியாதைக்காகத் தொடங்கி, அதன் கீழே நான்கு கேள்விகளை ஒரே பத்தியாக எழுதியிருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் கைபேசியில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டுப் பட்டியலில் குறித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து நேரில் போய்க் கேட்டபோது, "நீங்கதான் சம்மதம்னு எழுதீட்டீங்களேங்க சார்" என்றார். அவர் மேல் தவறில்லை. நான் எழுதியது அப்படித்தான் இருந்தது.

அந்தச் சுற்றுலாவில் படகுச் சவாரி கட்டணத்தில் சேராதது. அது தெரியாமல் மகளிடம் நாங்கள் பணம் கொடுத்தனுப்பவில்லை. அவளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் முக்கால் மணி நேரம் கரையில் ஒரு சிமெண்ட் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்கள் எல்லாரும் மற்ற பிள்ளைகளோடு படகில் இருந்ததால், கரையில் பெரியவர் என்று ஒருவரும் இல்லை. கட்டணத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டது கண்காணிப்பில் ஓட்டையாக முடியும் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஆகவே முதல் வரியில் சம்மதத்தையும் நிபந்தனையையும் பிரிக்க முடியாதபடி ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: 'கீழ்க்கண்ட நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைத்ததும் என் சம்மதத்தைப் படிவத்தில் பதிவு செய்கிறேன்.' இதில் மறுப்பும் இல்லை, முன்கூட்டிய ஒப்புதலும் இல்லை.

படி 3: கட்டணக் கேள்வி

'1,400 ரூபாய் அதிகமில்லையா' என்று கேட்பதில் பயனில்லை. பேருந்து, உணவு, நுழைவுச்சீட்டு, இதரச் செலவு என்று பிரித்துக் கேளுங்கள். எங்களுக்கு வந்த பதிலில் பேருந்துக்கு 700, மூன்று வேளை உணவுக்கு 450, நுழைவுச்சீட்டுகளுக்கு 150, இதரச் செலவுக்கு 100 என்று இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போக முடியாவிட்டால் எவ்வளவு திரும்பக் கேட்கலாம் என்பதும் இந்தப் பிரிவிலேயே தெரிந்துவிடும். பேருந்து வாடகை மொத்தமாகப் பேசித் தலைக்கு வகுத்த தொகை என்பதால், ஒரு பிள்ளை வராவிட்டாலும் அது குறையாது. உணவும் நுழைவுச்சீட்டும் மட்டும் 600 ரூபாய். முழுத் தொகையையும் கேட்டால் பள்ளி மறுக்கும், மறுப்பதில் நியாயமும் இருக்கிறது; 600 ரூபாயைக் கேட்டால் பேச இடமுண்டு.

படி 4: கண்காணிப்புக் கேள்வி

'எத்தனை ஆசிரியர்கள் வருகிறார்கள்' என்று மட்டும் கேட்டால் ஓர் எண் மட்டுமே பதிலாக வரும். எங்களுக்கு வந்த எண் ஆறு. 84 பிள்ளைகளுக்கு ஆறு பேர் என்றால் 14 பேருக்கு ஒருவர். காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பேருந்துக்கு மூவராகப் பிரிந்து, படகுத்துறையில் மறுபடியும் படகுக்கும் கரைக்குமாகப் பிரிந்தால் அந்தக் கணக்கு நிற்காது. ஆகவே எண்ணோடு இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: படகில் ஏறாத பிள்ளைகளுடன் யார் இருப்பார்? ஒவ்வோர் இடத்திலும் பேருந்து கிளம்பும் முன் பெயர்ப்பட்டியலை வைத்துத் தலை எண்ணுபவர் யார்? ஒவ்வொரு பேருந்திலும் ஆசிரியை ஒருவராவது உண்டா?

பலர் கேட்கத் தவறுவது ஓட்டுநரைப் பற்றி. காலை 4 முதல் இரவு 10 வரை பதினெட்டு மணி நேரம். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டில் இறங்கும்போது, விடியற்காலையில் வண்டியை எடுத்த அதே ஓட்டுநர்தான் இருப்பாரா, மாற்று ஓட்டுநர் உண்டா என்று நான் கேட்டேன். பள்ளி அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. பிறகு பேருந்துக்கு இரண்டு ஓட்டுநர்கள் என்று ஏற்பாடு செய்தார்கள்.

படி 5: எழுதி அனுப்புதல்

பெறுநர் முகவரி நிரம்பிய பெட்டியில் நேராகத் தட்டச்சு செய்யாதீர்கள், அரைகுறையாகப் போய்விடும். நான் கூகுள் கீப்பில் எழுதி, மறுநாள் காலையில் ஒருமுறை படித்துவிட்டு ஒட்டுவேன். குரல்வழித் தட்டச்சு எனக்கு ஒத்துவரவில்லை. எண்களைத் தவறாக எழுதிவிடுகிறது. தலைப்பு வரியை மாற்றாமல், `Reply` மட்டும் அழுத்துங்கள். `Reply all` அழுத்தினால், எல்லாப் பெற்றோரின் முகவரியும் சேர்ந்திருக்கும் கடிதத்தில் உங்கள் கேள்வி புகார்போலத் தோன்றும்.

நான் அனுப்பியது இது:

> மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு,
>
> வணக்கம். ஊட்டிச் சுற்றுலா குறித்த தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. கீழ்க்கண்ட நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைத்ததும் என் சம்மதத்தைப் படிவத்தில் பதிவு செய்கிறேன்.
>
> 1. 1,400 ரூபாயில் எவை அடங்கும், எவற்றுக்குத் தனியே பணம் கொடுத்தனுப்ப வேண்டும்?
> 2. உடல்நலக் குறைவால் மகள் வர இயலாவிட்டால், உணவு, நுழைவுச்சீட்டுத் தொகை திரும்பக் கிடைக்குமா? எத்தனை நாள் முன்பு தெரிவிக்க வேண்டும்?
> 3. ஒவ்வொரு பேருந்திலும் வரும் ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஆசிரியைகள் எத்தனை பேர்? தலை எண்ணும் பொறுப்பு யாருடையது? படகில் ஏறாத பிள்ளைகளுடன் யார் இருப்பார்?
> 4. மலைப்பாதையில் இரவில் இறங்குவதால், மாற்று ஓட்டுநர் உண்டா?
>
> மகளுக்கு மலைப்பயணத்தில் வாந்தி வரும். முன்வரிசையில் இடம் தந்தால் உதவியாக இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் திங்களன்று பணம் செலுத்திவிடுகிறேன். நன்றி.

கடைசி வரி முக்கியம். பதிலுக்கு நாள் குறிக்கும்போது உங்கள் பங்குக்கும் ஒரு நாளைக் குறித்தால், அது அதட்டலாகப் படாது.

பின்சேர்க்கை: நீலகிரிக்குள் நுழையும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதை ஒரு வாசகர் நினைவூட்டினார். அதைப் பள்ளி எடுக்கிறதா, பேருந்து உரிமையாளர் எடுக்கிறாரா என்பதை நான்காவது கேள்வியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: சத்தியமங்கலத்திலிருந்து ஒரு தாய், பள்ளி எழுத்தில் பதில் தராமல் தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் 'சரிங்க' என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். அப்படி நடந்தால் அன்றே அதே மின்னஞ்சல் தொடரில், 'இன்று தொலைபேசியில் தாங்கள் கூறியபடி, படகில் ஏறாத பிள்ளைகளுடன் ஓர் ஆசிரியை இருப்பார் என்று புரிந்துகொண்டேன். மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்' என்று எழுதி அனுப்பிவிட்டு, அதன் பிறகு படிவத்தில் 'சம்மதம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.