கறுத்த செப்புக்குடத்துக்குப் புளிச்சக்கை

கறுத்துப்போன செப்புக்குடத்தைத் துலக்கப் புதுப்புளி வேண்டாம். குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த சக்கையும் ஒரு பிடி கல்லுப்பும் போதும். செங்கோட்டையில் ஆச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது: "பூசி அஞ்சு நிமிசம் விடு தாயி, அதுவா இளகும். அப்புறம் தேங்கா நாரால தேய்."

அந்தக் கறுப்பு, செம்பு காற்றோடு சேர்ந்து உண்டான ஆக்சைடு. சக்கையில் மிஞ்சியிருக்கும் புளிப்பே அதைக் கரைத்துவிடும், உப்பு அதை வேகப்படுத்தும். பூசிய இடம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கழுவிவிடலாம். கழுவிய கையோடு ஈரம் போகத் துடைப்பதுதான் முக்கியம். கழுத்து மடிப்பில் புளி தங்கினால் அங்கே பச்சைக் களிம்பு பிடிக்கும்.

உள்ளே ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறத்துக்கும், மேலே லாக்கர் அடித்த அலங்காரக் குடத்துக்கும் இது ஆகாது, பூச்சு கெட்டுவிடும்.