கண்ணாடித் துளிகளைப் படத்திலிருந்து நீக்கும்போது செய்யும் தவறுகள்

மாரி மழையில் வானை வாவிக்கரையோரம் நிறுத்தி, இறங்க மனமில்லாமல் முன்கண்ணாடி வழியாகவே மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தைப் படமெடுப்பவர்கள் நிறையப் பேர். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், வானத்தில் வெளிறிய வட்டங்கள், பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கு மேல் இரண்டு மூன்று துளிகள், கீழே வைப்பர் இழுத்துவிட்ட சேற்றுக் கோடு. இந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். மென்பொருள் GIMP, காசு கொடுக்க வேண்டியதில்லை.

பலரும் சறுக்கும் முதல் இடம், எல்லாக் கறையையும் ஒரே மாதிரி அழிக்கப் பார்ப்பது. துளி ஒரு சின்ன வில்லை. தன் பின்னால் உள்ள காட்சியை ஒளித்துவிட்டு வேறெங்கிருந்தோ வரும் வெளிச்சத்தைக் காட்டுகிறது. அந்த இடத்துக்கு வேறெங்கிருந்தாவது படம் கொண்டுவர வேண்டும். காய்ந்த சேறு அப்படியல்ல. மெல்லிய படலமாக இருந்தால் பின்னால் உள்ளது மங்கலாகத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். அதை அழிப்பது உள்ளதையும் தொலைப்பது. ஓரம் மென்மையாக இருக்கும்படி அந்தக் கோட்டை மட்டும் தெரிவு செய்து, Curves திறந்து, வளைவின் கறுப்பு முனையை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். வெளிறல் குறைந்து வாவித் தண்ணீர் மீண்டும் தெரியும். மண்ணிறம் மிஞ்சினால் அதே பெட்டியில் நீல வளைவைச் சற்று உயர்த்தினால் போதும்.

வானத்துத் துளிகளுக்கு Heal கருவி சரி. ஆனால் தூரிகையைத் துளியின் அளவுக்கே வைக்கிறார்கள். துளி குவியத்துக்கு வெளியே இருப்பதால் அதன் மங்கல், கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் பரவியிருக்கும். இறுக்கமாக அழித்தால் நடுப்பகுதி போய்விடும், வளையம் நின்றுவிடும். கொஞ்சம் பெரிய தூரிகை வேண்டும். Ctrl அழுத்தி, எங்கிருந்து எடுப்பது என்ற மூல இடத்தைத் தொடும்போது துளிக்கு நேர் இடமோ வலமோ, அதே உயரத்தில் தொடுங்கள். வானத்தின் வெளிச்சம் மேலிருந்து கீழாக மாறும், பக்கவாட்டில் அவ்வளவு மாறாது.

இரும்புச் சட்டத்தில்தான் வேலை கெடுகிறது. Heal சுற்றியுள்ள நிறத்தோடு கலக்கும் கருவி. கறுத்த சட்டமும் வெளிறிய வானமும் சந்திக்கும் இடத்தில் வைத்தால் சட்டத்தின் கறுப்பு வானத்துக்குள் வழிந்து, மை கசிந்த கடதாசி மாதிரி ஆகிவிடும். அங்கே முதலில், ஓரிடத்தை அப்படியே பிரதியெடுத்து வைக்கும் Clone. அதே சட்டத்தில் துளி படாத துண்டின் ஓரத்தை மூலமாக எடுத்து, துளிக்கு வெளியே சட்டம் தொடங்கும் புள்ளியிலிருந்து அதே சாய்வில் கோட்டை இழுத்து முடியுங்கள். Hardness 75 அளவில் இருந்தால் ஓரம் கூர்மையாக வரும். கோடு பிறந்த பிறகு, அதைத் தொடாமல் இருபக்க வானத்தையும் Heal பண்ணலாம். இதையெல்லாம் அசலின் மேலேயே செய்யாமல், Duplicate Layer போட்டு அந்தப் பிரதியில் செய்யுங்கள்.

படத்தைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு அப்புறம் துளிகளைத் துடைக்கலாம் என்பதும் தவறான வரிசை. கொன்ட்ராஸ்ட் ஏறினால் துளிகளின் ஓரமும் தடித்துவிடும். ஆனால் கறையைத் தேடிப் பிடிக்க அது உதவும்: இன்னொரு பிரதியில் கொன்ட்ராஸ்டை அளவுக்கு மீறி ஏற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பிய துளிகள் எல்லாம் எழும்பி நிற்கும். இடங்களைக் குறித்துக்கொண்டு அந்தப் பிரதியை அழித்துவிடுங்கள்.

இவ்வளவு பாடும் பெரும்பாலும் ஒரே ஒரு படம் எடுத்ததால் வந்தது. வான் நின்ற இடத்தில் போனை நான்கு விரல் அகலம் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்று எடுத்திருந்தால், கிட்டேயுள்ள துளிகள் படத்தில் நன்றாக இடம்மாறியிருக்கும், தூரத்துப் பாலம் ஏறக்குறைய அசைந்திருக்காது. இரண்டையும் Open as Layers மூலம் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து, மேலதன் Mode-ஐ Difference ஆக்கி, பாலம் இருக்கும் இடம் கறுக்கும்வரை நகர்த்துங்கள். பிறகு Normal ஆக்கி, மேலதற்குக் கறுப்பு Layer Mask போட்டு, கீழ்ப்படத்தில் துளி இருக்கும் இடங்களில் மட்டும் அந்த Mask மேல் வெள்ளையைப் பூசினால் உண்மையான பாலமே அங்கே வந்து உட்காரும். ஓடும் வாகனத்தில் இது சரிவராது. கிட்டேயுள்ள வேலியும் கம்பங்களும் பொருந்தாமல் இரட்டிப்பாகத் தெரியும்.

வெள்ளச் சேதத்தைக் காட்ட எடுத்த படத்தில் துளி ஒரு வீட்டுச் சுவரையோ வாகன இலக்கத்தையோ மறைத்திருந்தால், ஒட்டு வேலை வேண்டாம். Clone அங்கே வைப்பது பக்கத்துச் சுவரின் துண்டு. அந்தத் துளியை அப்படியே விட்டு அனுப்புங்கள்.