மிகைப்படுத்திய வரிகளைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

தேர்வுத்தாளில் ‘உயர்வு நவிற்சி அணி’ என்று எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. கவிஞர் மிகைப்படுத்துகிறார் என்று கண்டுபிடிப்பது எளிது. அந்த மிகை அன்பில் பிறந்ததா, சிரிப்பிலா, சினத்திலா என்று கேட்காவிட்டால் கவிதைக்குள் நாம் நுழையவே இல்லை.

நமக்கு எழும் சிரிப்பைக் கவிதையின் சிரிப்பாக எடுத்துக்கொள்வதுதான் நான் அதிகம் காணும் பிழை. திருக்குறளின் 1115ஆம் குறளைப் பாருங்கள்.

அனிச்சப்பூக் கால்களையாள் பெய்தாள் நுசுப்பிற்கு
நல்ல படாஅ பறை.

அனிச்சப்பூவைக் காம்பு கிள்ளாமல் சூடிக்கொண்டாள். அந்தக் காம்பின் பாரத்தில் இடை முறிந்துவிடும். இனி அந்த இடைக்கு மங்கலப் பறை ஒலிக்காது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். சாவுப் பறையைக் குறிப்பால் உணர்த்துவதால் இது ஏளனமோ கடுமையோ என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் பேசுபவன் காதலன். இந்தக் குறள் இருப்பது ‘நலம் புனைந்துரைத்தல்’ அதிகாரத்தில். அவன் பெரிதாக்குவது அவளுடைய குறையை அன்று, தன் அச்சத்தை. ஒரு பூக்காம்புகூட அவளை வருத்திவிடுமோ என்று பதறுகிறான். மிகையின் பாரம் யார்மேல் விழுகிறது என்று கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். இங்கே அது சொல்பவன் நெஞ்சின்மேல் விழுகிறது.

அடுத்தது, குற்றம் சொல்லும் கவிதை எல்லாம் கோபக் கவிதை என்று முடிவுகட்டுவது. காளமேகப் புலவர் நாகையில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் பசியோடு காத்திருந்து பாடியதாகச் சொல்லப்படும் வெண்பா இது.

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

மிகையை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ‘சோறு தாமதமாக வந்தது’ என்ற செய்தி மட்டும். அதைப் புலவர் எப்படிப் பெருக்குகிறார் என்பதைக் கவனியுங்கள். பொழுது சாயும்போது அரிசி வருகிறது. குத்தி உலையில் இடுவதற்குள் ஊர் உறங்கிவிடுகிறது. ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து நிதானமாக நகர்கிறது. இப்படிப் பொறுமையாக மணிக்கணக்கு வைக்கிறவருக்குள் எரிச்சல் இருக்கலாம். ஆனால் அதை அவர் கையில் பிடித்து விளையாடுகிறார். கடைசிப் படியில் நாம் சிரித்துவிடுகிறோம். ஊரின் பசி அடங்கும் என்றும், சோறு வெள்ளி போல் வெண்மையாக எழும் என்றும் இதே வரிகளுக்குப் புகழ்ச்சிப் பொருள் சொல்லிக் காத்தானைப் புலவர் மகிழ்வித்தார் என்ற கதையும் வழங்குகிறது. சொற்களை மட்டும் நம்பினால் அந்தப் பொருளையும் மறுக்க முடியாது. மாலை, நள்ளிரவு, விடியல் என்ற வரிசைதான் கேலியைக் காட்டிக்கொடுக்கிறது.

உண்மையான சினத்துக்குப் படிக்கட்டு கிடையாது. ‘தனியொருவனுக்கு உணவிலையெனில் ஜகத்தினை அழித்திடுவோம்’ என்று பாரதியார் பாடும்போது, ஒருவனுடைய பசியிலிருந்து உலகத்தின் அழிவுக்கு ஒரே தாவல். இடையில் கணக்கில்லை. ‘அழித்திடுவோம்’ என்ற முடிவான வினை நிற்கிறது, ஐயத்துக்கு இடமே இல்லாமல். காளமேகத்துக்கும் பாரதிக்கும் பொருள் ஒன்றுதான், சோறு. பொருளை வைத்து உணர்ச்சியைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

வினைச்சொல்லின் வன்மையை மட்டும் பார்த்து ஏமாறுவது இன்னொரு தவறு. குறுந்தொகை 28ஆம் பாட்டில் ஔவையார் தலைவியின் குரலில் பாடுகிறார்.

முட்டுவேன் கொல் தாக்குவேன் கொல்
ஓரேன் யானும் ஓர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவுவேன் கொல்

முட்டுவது, தாக்குவது, கூச்சலிடுவது என்று மூன்றும் சண்டைக்காரச் சொற்கள். இங்கேயே நிறுத்திவிட்டுச் ‘சினம்’ என்று எழுதுகிறவர்கள் ‘கொல்’ என்ற சின்னச் சொல்லைத் தவறவிடுகிறார்கள். அது ஐயத்தின் சொல். முட்டுவேனோ, தாக்குவேனோ என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதை ‘ஓரேன்’ என்று வெளிப்படையாகவே சொல்கிறாள். பாரதியின் ‘வோம்’ தீர்மானம். இந்தக் ‘கொல்’ தவிப்பு. கோபம் இல்லாமலும் இல்லை, ஆனால் அது காதல் நோயின்மேல் ஏறி வருகிறது. ஏன் என்பதைக் கடைசி வரிவரை அவள் சொல்லவில்லை. அசையும் காற்று அலைக்கழிக்க, ‘என் உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே’ என்று முடிக்கிறாள். ஊர் அவளுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை, தூங்குகிறது, அவ்வளவுதான்.