புலம்பும் தோழிக்கு எல்லை வைக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

இரவு ஒன்பதரைக்கு போன் அடித்தால் எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அவள்தான். பதினைந்து வருடப் பழக்கம். அலுவலகத்தில் மேலதிகாரி படுத்தும் பாடு, வீட்டில் நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை, மறுபடியும் மேலதிகாரி. வாரத்தில் நான்கு, ஐந்து இரவுகள் இப்படிப் போகும். ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. "சரி டி, தூக்கம் வருது, நாளைக்குப் பேசறேன்" என்று அவள் வைத்துவிடுவாள். அந்தக் காலத்தில்தான் என் அப்பாவுக்கு ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. அது அவளுக்கு மூன்று வாரம் தெரியாது. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கடைசி நான்கு சொற்களை நான் கவனிக்கவே வெகுநாள் ஆயிற்று. அதுவரை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு புகார்: "இவள் என்னை உறிஞ்சுகிறாள்." உண்மையில் அதற்குள் இரண்டு புகார்கள் இருந்தன. ஒன்று, அவள் பேசும் நேரமும் தடவையும் என்னால் தாங்க முடிந்த அளவைத் தாண்டிவிட்டது. இன்னொன்று, என்னைப் பற்றி அவள் கேட்பதில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொள்வதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. நேரத்தை நாமே குறைத்துக்கொள்ளலாம், அதற்கு எதிராளியின் சம்மதம்கூடத் தேவையில்லை. ஆனால் "என்னைக் கேள்" என்பது ஒரு வேண்டுகோள், அவள் மனது வைத்தால்தான் நடக்கும். சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும்? நேரத்தைக் குறைத்த பிறகும் "இன்னும் கேட்கவில்லையே" என்ற ஆற்றாமை அப்படியே இருக்கும். எல்லை வைத்தும் பயனில்லை என்று தோன்றிவிடும்.

அடுத்த தவறு, சாக்குச் சொல்லித் தப்பிப்பது. "யாரோ வந்திருக்காங்க", "சார்ஜ் இல்லை", "ஒரு மீட்டிங்". இதில் நான் தேர்ந்தவள். சாக்குக்கு ஒரு குணம் உண்டு: அது அந்தத் தடைக்கு மட்டும் பதில் சொல்லும், நம் விருப்பத்தைச் சொல்லாது. வந்தவர் போய்விட்டாரா, சார்ஜ் ஏறிவிட்டதா, அப்படியென்றால் திரும்பக் கூப்பிடலாம். அவள் அப்படிக் கூப்பிட்டதில் தவறே இல்லை, நான் சொன்னதை அப்படியே நம்பினாள், அவ்வளவுதான். குறிப்பால் உணர்த்துவதும் இதே கணக்கு. "ம்... ம்..." என்று சுரத்தில்லாமல் கொட்டும் 'ம்', கொதிப்பில் இருப்பவர் காதில் "மேலே சொல்லு" என்றுதான் விழும்.

சாக்கு தீர்ந்ததும் பலர் செய்வது வெடிப்பு. "நீ எப்பப் பாரு உன்னைப் பத்தியேதான் பேசற, என்னைப் பத்தி ஒரு நாளாவது கேட்டிருக்கியா?" இந்த வாக்கியத்தில் எல்லையே இல்லை என்பதைப் பாருங்கள். அவள் எப்படிப்பட்டவள் என்ற தீர்ப்பு இருக்கிறது, நாளை இரவு ஒன்பதரைக்கு என்ன நடக்கும் என்பது இல்லை. தீர்ப்பு சொன்னால் எதிராளி வாதாடத்தான் செய்வாள், "போன மாசம் உன் பிறந்த நாளுக்கு நான்தானே முதல்ல கூப்பிட்டேன்" என்று சாட்சி வரும், அரை மணி நேரம் அதிலேயே போகும். "நீ புலம்பாதே" என்பதும் இந்த ரகம்தான். அது அவள் வாய்க்குப் போடும் சட்டம், அதை அமல்படுத்த நம்மிடம் வழி இல்லை. என்னால் அமல்படுத்த முடிந்தது என் காதை மட்டும்தான். எத்தனை மணிக்கு எடுப்பேன், எத்தனை நிமிடம் இருப்பேன், எப்போது வைப்பேன்.

நான் கடைசியில் சொன்னது இது. அவள் கொதிப்பில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், நானே கூப்பிட்டுச் சொன்னேன்: "உன்கிட்ட ஒன்னு சொல்லணும். ராத்திரி தினம் அவ்வளவு நேரம் பேச எனக்கு இப்ப முடியல, வச்சதுக்கப்புறம் தூக்கம் வரமாட்டேங்குது. வாரத்துல ரெண்டு நாள், செவ்வாய், வெள்ளி, அரை மணி நேரம் பேசலாம். மத்த நாள் ராத்திரி எடுக்க மாட்டேன். கோவம்னு நினைச்சுக்காதே." அவ்வளவுதான். காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் என்னைப் பற்றியது. காரணத்தை அடுக்க அடுக்க ஒவ்வொன்றும் பேரம் பேச ஒரு வாசலாகிவிடும். அப்புறம், நேரத்தை ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் சொல்ல வேண்டும்: "பத்து மணி வரைக்கும் இருக்கேன்." நடுவில் சொன்னால் அவள் சொன்ன விஷயம் பிடிக்காமல் வெட்டுவதாகத் தோன்றும். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு நினைவூட்டல், பத்துக்கு வணக்கம். புதுக் கிளைக்கதை பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் முளைக்கும்! "அதை வெள்ளிக்கிழமை முதல்ல சொல்லு" என்று அதற்கு இடம் கொடுத்துவிட்டால் வைப்பது எளிது.

பேச்சுக்குள் நடக்கும் ஒரு தவறைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புலம்பலைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று நாம் யோசனை சொல்லத் தொடங்குவோம். "வேற வேலை தேடேன்." "ஆமா, ஆனா இப்ப மார்க்கெட் சரியில்ல." "அப்ப மேல புகார் கொடு." "ஆமா, ஆனா அவங்க எல்லாம் ஒன்னு." ஒவ்வொரு யோசனையும் ஒரு புது 'ஆமா, ஆனா'வைப் பெற்றுப்போடும். முடிக்க நினைத்தது இரட்டிப்பாகும். தொடக்கத்திலேயே "யோசனை வேணுமா, கேட்டா போதுமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. போதும் என்றால் வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கேட்கலாம், அதில் களைப்பும் குறைவு.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. அதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. "அய்யோ, அப்படியா சொன்னான்? அதுக்கு நீ என்ன சொன்ன? அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டு நெருப்புக்கு விறகு போட்டது நான்தான். இரண்டு பேர் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பக் கிளறுவதை அமெரிக்க உளவியலாளர் அமண்டா ரோஸ் பள்ளி மாணவர்களிடம் ஆராய்ந்து 2002இல் எழுதினார். அப்படிப் பேசுபவர்களிடம் நட்பின் நெருக்கமும் அதிகம், மனச்சோர்வும் பதற்றமும்கூட அதிகம் என்று அவர் கண்டார். நெருக்கம் என்ற அந்தப் பரிசுதான் இருவரையும் அந்த இடத்தைவிட்டு நகரவிடாமல் வைக்கிறது. அதனால் எல்லை என்பது நேரத்தில் மட்டும் இல்லை. ஏற்கெனவே நான்கு முறை கேட்ட சம்பவம் மறுபடி வந்தால், நான் இப்போது விவரம் கேட்பதில்லை. "இது உன்னை ரொம்ப அரிக்குது, இல்ல? நாளைக்கு ஆபீஸ்ல என்ன பண்ணப்போற?" என்று கேட்கிறேன். கதை அங்கே பெரும்பாலும் திரும்பும். திரும்பாத நாளும் உண்டு.

எல்லை சொன்ன பிறகு வரும் முதல் இரண்டு வாரம்தான் பலரும் விழும் இடம். மூன்றாம் நாள், புதன்கிழமை இரவு, அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஒன்பது வாய்ஸ் மெசேஜ் வந்தது. கடைசியில் ஒரு வரி: "பரவாயில்ல, நீ பிசி." மறுபடி அழைப்பு வந்ததும் நான் இளகி, எடுத்துவிட்டேன், ஒரு மணி நேரம் ஓடியது. நடத்தை உளவியலில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். வழக்கமாகக் கிடைத்தது திடீரென்று நின்றால், அதைக் கேட்கும் முயற்சி குறைவதற்கு முன் சில காலம் கூடுவதும் உண்டு. அந்த உச்சத்தில் ஒரு முறை கொடுத்துவிட்டால், 'இத்தனை தட்டினால் திறக்கும்' என்பது மனதில் பதியும். எப்போதாவது கிடைப்பது எப்போதும் கிடைப்பதைவிடப் பழக்கத்தைக் கெட்டியாக்கும். அவள் திட்டம் போட்டுச் செய்தாள் என்று நான் நினைக்கவில்லை, அது அவளுக்கே தெரியாமல் நடப்பது. மறுநாள் காலை நான் செய்தி அனுப்பினேன்: "நேத்து எடுத்தது என் தப்பு, குழப்பிட்டேன். வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் பேசலாம்." அடுத்த புதனன்று எடுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நானே கூப்பிட்டேன். மூடிய கதவு எவ்வளவு உறுதியோ, திறப்பதாகச் சொன்ன கதவும் அவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் விலகல்தான்.

ஒரு விலக்கு உண்டு. சாக வேண்டும் என்று பேசினாலோ, வீட்டில் யாராவது அடிக்கிறார்கள் என்றாலோ செவ்வாயும் வெள்ளியும் கிடையாது. அப்போது நேராகக் கேட்க வேண்டும், "உயிரை விடணும்னு தோணுதா?" என்று. அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிட மாட்டோம். ஆம் என்றால் தனியாக விடாமல், அவள் வீட்டு மனிதரையோ அவசர உதவியையோ உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தனியாளாகச் சுமப்பதும் ஒரு தவறுதான்.

இனி அந்த இரண்டாவது புகார். நாம் செய்யும் தவறு, வாய் திறக்காமல் பரீட்சை வைப்பது. 'இன்றைக்காவது கேட்கிறாளா பார்ப்போம்' என்று காத்திருந்து, கேட்காதபோது மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்வது. பரீட்சை நடப்பதே அவளுக்குத் தெரியாது. சிலருக்கு, கேட்டால்தான் அக்கறை. வேறு சிலருக்கு, சொல்ல வேண்டியது இருந்தால் அவர்களே சொல்வார்கள், துருவக் கூடாது என்பது பழக்கம். நான் வருடக்கணக்காக "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றே சொல்லிவந்தவள். அவள் கேட்பதை நிறுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு.

அதனால் நேராகவே சொன்னேன்: "இன்னிக்கு முதல் பத்து நிமிஷம் எனக்கு வேணும். அப்பாவைப் பத்தி." அதற்குப் பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதில்தான் தகவல் இருக்கிறது. "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான், அப்ப நான்..." என்று போனாள், இரண்டே நிமிடத்தில். சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் இதைப் பேச்சைத் தன்பக்கம் திருப்பும் பதில் என்றும், சொல்பவரையே தொடரச் சொல்லும் பதில் என்றும் இரண்டாகப் பிரித்தார். ஒரு முறை திருப்பினால் அது பழக்கம், அதை வைத்து எதையும் முடிவு செய்யத் தேவையில்லை. "இரு, இன்னும் முடிக்கல" என்று பேச்சை மீட்டுக்கொண்டேன். அவள் "ஐயோ, சாரி, சொல்லு" என்றாள். அப்படி மீட்ட பிறகும், நான்கைந்து தடவை கேட்ட பிறகும், ஒவ்வொரு தடவையும் பேச்சு அவளிடமே போய் நின்றிருந்தால் நான் வேறு முடிவுக்கு வந்திருப்பேன். வெள்ளிக்கிழமையை மாதம் ஒன்றாக்கி, என் விஷயத்துக்கு வேறு தோழியைத் தேடியிருப்பேன்.

இப்போதும் அவளாக முதலில் கேட்பது மூன்றில் ஒரு முறைதான். மற்ற இரண்டு முறை நான் நினைவூட்டுகிறேன். போன செவ்வாய், பேசத் தொடங்கிப் பதினைந்து நிமிடம் கழித்து மேலதிகாரி கதையின் நடுவில் நிறுத்தி, "ஆமா, அப்பாவுக்குத் தையல் பிரிச்சாச்சா?" என்றாள். பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. சொன்னேன், இருவரும் சிரித்தோம், பத்து மணிக்கு வைத்தோம்.