30 வயது டிரான்ஸ்ஃபார்மர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

முதலில் எண்ணெய் மாதிரியில் ஃபியூரான் சோதனை செய்யுங்கள். உள்ளே இருக்கும் காப்புக் காகிதம் நையும்போது எண்ணெயில் கலக்கும் வேதிப்பொருள் அது. எண்ணெயை வடிகட்டலாம், கேஸ்கெட்டை மாற்றலாம். சுருளைச் சுற்றிய காகிதம் நைந்தால் மீளாது. காகித இழையின் சங்கிலி நீளத்தைக் காட்டும் பாலிமர் எண்ணை ஃபியூரான் அளவிலிருந்து மதிப்பிடலாம். அது புதிதில் சுமார் 1000. 200-ஐ நெருங்கினால் பழுதுக்குச் செலவழிக்காதீர்கள். எண்ணெயைச் சுத்திகரிக்கும் முன்பே மாதிரி எடுங்கள். பிறகு எடுத்தால் ஃபியூரான் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

காகிதம் நன்றாக இருந்தால் இழப்பைக் கணக்கிடுங்கள். சுமை இல்லாதபோதும் வீணாகும் மின்சாரமான சுமையில்லா இழப்பு பழையதில் 1,500 வாட், புதியதில் 700 வாட் என்று வைத்துக்கொள்வோம். 800 வாட் வித்தியாசம், ஆண்டின் 8,760 மணி நேரமும் ஓடி 7,008 யூனிட் ஆகிறது. யூனிட் 8 ரூபாய் என்றால் 56,064 ரூபாய். எண்ணெய் வடிகட்டுவதால் இது குறையாது. பழைய செம்பின் விலையைக் கழித்து, புதியதற்கான கூடுதல் செலவை இந்த ஆண்டுச் சேமிப்பால் வகுங்கள். ஏழெட்டு ஆண்டுக்குள் மீண்டால் மாற்றிவிடலாம்.